ஐப்பசி மழையில் அட்டைக்கு விலை கட்டிய அனுபவம்

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே உள்ள ஓர் ஊரில் என் மாமனார் நடத்தி வந்த பழைய இரும்புக் கடையை, அவருக்கு உடம்பு முடியாமல் போனதால், சென்ற ஆவணியிலிருந்து நான் பார்த்து வருகிறேன். கடை வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய கரும்பலகையே எங்கள் விலைப்பட்டியல். செய்தித்தாள், அட்டை, இரும்பு, தகரம், பித்தளை, பிளாஸ்டிக் என்று ஆறு வரிகள் மட்டுமே அதில் இருக்கும்.

ஐப்பசியில் அட்டையைக் கிலோ 8 ரூபாய் 50 காசுக்கு வாங்கினேன். திருச்சியில் உள்ள ஒரு கிடங்கில் அப்போது 11 ரூபாய் 50 காசு கொடுத்தார்கள். மூன்று ரூபாய் வித்தியாசம் தாராளம் என்று நினைத்து, பன்னிரண்டு நாளில் 3,000 கிலோ சேர்த்துக் கட்டுப் போட்டு அனுப்பினேன். வண்டி வாடகை 3,200 ரூபாய், ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் சேர்ந்து 900 ரூபாய். கையில் 4,900 ரூபாய் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு.

அங்கே எடை மேடையில் 2,940 கிலோதான் காட்டியது. பிறகு ஒரு கருவியின் முனையைக் கட்டுக்குள் செருகிப் பார்த்து, ஈரம் 22 சதவீதம் இருக்கிறது, 10 சதவீதம் வரைதான் ஏற்போம் என்று கூறி 12 சதவீதத்தைக் கழித்தார்கள். மெழுகுப் பூச்சுள்ள பெட்டி, சிமெண்டுப் பை, தெர்மாகோல் என்று மேலும் 60 கிலோவைத் தள்ளினார்கள். இறுதியில் 2,527 கிலோவுக்கு 29,060 ரூபாய் கிடைத்தது. வாங்கிய பணம் 25,500 ரூபாய், செலவு 4,100 ரூபாய். கடை வாடகையையும் ஆள் கூலியையும் சேர்க்காமலே 540 ரூபாய் கைநட்டம். கிடங்குக்காரர் என்னை ஏமாற்றினாரா, அல்லது நான் விலை கட்டியதில் பிழையா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றாக இருக்கும்.

தஞ்சை இல்லத்தரசி:

எங்கள் தெருவுக்கு வருகிறவர் செய்தித்தாளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் தருவதே இல்லை. சென்ற மாதம் வீட்டுத் தராசில் எட்டுக் கிலோ இருந்த கட்டு, அவருடைய கைத்தராசில் ஆறரைக் கிலோவாகிவிட்டது. நீங்கள் எல்லாம் நட்டக் கணக்கு எழுதுகிறீர்கள். எங்கள் நட்டத்தை யாரிடம் எழுதுவது?

குடந்தைக் கிடங்கு:

அம்மா, உங்கள் குறை நியாயமானது. ஆனால் இவர் கேட்பது வேறு. முத்திரையிட்ட மின் தராசு வைத்திருப்பவரிடம் கொடுங்கள். விலை ஒரு ரூபாய் குறைந்தாலும் எடை சரியாக இருந்தால் உங்களுக்கு அதுவே லாபம். எட்டுக் கிலோவை ஆறரையாக நிறுத்துப் பத்து ரூபாய் கொடுப்பவர், உண்மையில் கிலோவுக்கு எட்டு ரூபாய் பன்னிரண்டு காசுதான் கொடுத்திருக்கிறார்.

வெண்ணாற்றங்கரை அவர்களுக்கு: நான் இருபத்தாறு ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் காகிதமும் பித்தளையும் வாங்கி விற்கிறேன். உங்களைக் கிடங்குக்காரர் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. 22 சதவீத ஈரம் என்றால் நூறு கிலோவில் காய்ந்த சரக்கு 78 கிலோ. அதைப் பத்து சதவீத ஈரமுள்ள சரக்காக மாற்றிக் கணக்கிட்டால் 86 கிலோ 700 கிராம் வரும். அதாவது கண்டிப்பான ஆள் 13 சதவீதத்துக்கும் மேல் கழித்திருப்பார். உங்களிடம் நேர்க் கழித்தலாக 12 சதவீதத்தோடு விட்டிருக்கிறார். நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் வேறு. கருவியைக் கட்டின் வெளி அடுக்கில் மட்டும் செருகினால், வழியில் தூறலில் நனைந்த தாளின் ஈரத்தைத்தான் அது காட்டும். ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லி நடுவிலும் பார்க்கக் கேளுங்கள்.

பிழை, விலையை எந்தப் பக்கத்திலிருந்து கட்டினீர்கள் என்பதில் இருக்கிறது. வாங்கும் விலையின் மேல் மூன்று ரூபாய் ஏற்றிப் பார்த்தீர்கள். நான் விற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி வருவேன். உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 3,000 கிலோவில் 2,527 கிலோவுக்குத்தான் அங்கே காசு கிடைத்தது. அதாவது கிலோவுக்கு 842 கிராம். அப்படியானால் உங்களுக்கு உண்மையான விற்பனை விலை 11 ரூபாய் 50 காசு அன்று, 9 ரூபாய் 69 காசு. வண்டிக்கும் கூலிக்கும் கிலோவுக்கு 1 ரூபாய் 37 காசு போனால் 8 ரூபாய் 32 காசு. கடைச் செலவுக்கு ஒரு ரூபாயும் உங்களுக்கு முக்கால் ரூபாயும் எடுத்து வைத்தால், மழைக்காலத்தில் நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய விலை ஆறரை ரூபாய்தான். வெயில் காலத்தில் கிலோவுக்கு 970 கிராமுக்குக் காசு கிடைக்கும் என்று வைத்து இதே வழியில் பாருங்கள், எட்டு ரூபாய் வரும். நீங்கள் கொடுத்த எட்டரை சித்திரை வெயிலுக்கே அரை ரூபாய் அதிகம்.

நெய்தல் நாகை:

எங்கள் சித்தப்பா வேளாங்கண்ணிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்திருக்கிறார்: விற்கும் விலையில் பதினைந்து சதவீதம் குறைத்து வாங்குவது. பிளாஸ்டிக்குக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். மிதந்தால் நல்ல சரக்கு, அமிழ்ந்தால் மட்டம். இவ்வளவு கணக்குப் போட்டால் கடைக்கு வருகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

குடந்தைக் கிடங்கு:

தம்பி, வாளித் தண்ணீர் நல்ல சோதனைதான், ஆனால் பாதி தூரம்தான் வரும். குடமும் பக்கெட்டும் மிதக்கும், ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து பிடுங்கிய பி.வி.சி. குழாய் அமிழும், இரண்டையும் கலந்து வாங்கினால் அரைப்பவர் மொத்தத்துக்கும் குழாய் விலையே போடுவார். அதுவரை சரி. ஆனால் தண்ணீர் பாட்டிலும் துண்டாக்கிப் போட்டால் அமிழும், அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. அதே பாட்டிலின் மூடி மிதக்கும். எனவே மிதப்பது எது என்று வகை பிரிக்கத் தண்ணீர் உதவும். எது உயர்ந்தது என்பதை அது சொல்லாது.

பதினைந்து சதவீதக் கணக்கை நான் ஏற்கவில்லை. 11 ரூபாய் 50 காசு அட்டையில் பதினைந்து சதவீதம் என்பது 1 ரூபாய் 72 காசு. வண்டிக்கும் கூலிக்குமே 1 ரூபாய் 37 காசு போய்விடும். செம்பு கிலோ எழுநூறு ரூபாய் விற்கும் நாளில் அதுவே நூற்றைந்து ரூபாய். அவ்வளவு குறைத்துக் கேட்டால், மோட்டார் கட்டுகிற கடைக்காரர் கம்பிச் சுருளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஐம்பது கிலோ செம்பு ஒரு ஸ்கூட்டரில் போகும், ஐம்பது கிலோ அட்டைக்கு வண்டி வேண்டும். வித்தியாசத்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று ரூபாயில்தான் கட்ட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:

ஐயா, பின்னோக்கி வரும் கணக்குப் புரிகிறது. ஆனால் 842 கிராம் என்பது சரக்கு போய் அடிபட்ட பிறகு தெரிந்தது. வாங்கும்போதே ஈரத்தை எப்படி அறிவது? எனக்குக் கொண்டு வருகிறவர்கள் யாரும் சொட்டச் சொட்டக் கொண்டு வரவில்லை. தொட்டால் காய்ந்தது போலவே இருந்தது.

குடந்தைக் கிடங்கு:

தொட்டுப் பார்ப்பது மேல் தாளைத்தான் சொல்லும். அட்டையின் ஓரத்தைப் பிளந்து, நடுவில் இருக்கும் நெளிவுத் தாளை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். காய்ந்தது மொறுமொறுப்பாக உடையும், ஈரமானது சத்தமில்லாமல் பஞ்சு போல அமுங்கும். இன்னொரு வழி, சற்று வெயில் அடிக்கும் நாளில் பத்துக் கிலோ எடுத்து விரித்துக் காயவைத்து மாலையில் திரும்ப எடை போடுங்கள். எட்டரைக் கிலோவுக்கு வந்தால் உங்கள் திருச்சிச் சரக்கைப் போன்றதே அது.

நீங்கள் பன்னிரண்டு நாள் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தரையிலா அடுக்கினீர்கள்? டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்டுத் தரையே வியர்க்கும். அடியில் மரச்சட்டம் போட்டு ஒரு சாண் உயர்த்தாவிட்டால், காய்ந்து வந்த அட்டையும் உங்கள் கடையிலேயே ஈரம் குடித்துவிடும். அந்த எடையை நீங்கள் யாரிடமும் வாங்கவில்லை. ஆனால் கழிவு மட்டும் உங்கள் மேல் விழும்.

மாயூரம் கணக்கர்:

நான் கடைக்காரன் அல்லன். மூன்று பழைய இரும்புக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். உலோகத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்றவர் உலோகக் கழிவு வாங்கினால், வரியை வாங்குபவரே செலுத்த வேண்டும். அதைப் பிறகு வரவில் எடுத்துக்கொள்ள முடியும் என்றாலும் முதலில் பணம் கட்ட வேண்டியிருப்பதால், பதிவு இல்லாத சிறு கடைக்குச் சிலர் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் குறைத்தே சொல்கிறார்கள். இரும்புக்கு விலை கேட்கும்போது, அது எந்தக் கணக்கில் சொன்ன விலை என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள்.

நெய்தல் நாகை:

பித்தளைக்கு இந்த ஈரத் தொல்லை இல்லையே. அதையே வாங்கிச் சேர்த்து வைத்து, விலை ஏறும்போது விற்கலாமே?

குடந்தைக் கிடங்கு:

ஈரம் இல்லை, ஆனால் வேறு எடை ஒளிந்திருக்கும். பழைய அண்டா, தவலைகளில் வாய் விளிம்பைச் சுருட்டும்போது உள்ளே இரும்புக் கம்பி வைத்து மடித்திருப்பார்கள். காந்தத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், ஒட்டினால் கம்பியின் எடை பித்தளை விலையில் வராது. குத்துவிளக்கின் பாதத்தைக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். மங்கலான சத்தம் வந்தால் உள்ளே அரக்கோ மண்ணோ இருக்கலாம். நாச்சியார்கோயில் பக்கம் விளக்கு வார்க்கும் பட்டறைக்காரர்கள் இதை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சேர்த்து வைப்பது பற்றி எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. செம்பும் பித்தளையும் லண்டன் உலோகச் சந்தையையும் டாலர் மதிப்பையும் பார்த்து நாள்தோறும் அசைபவை. காலையில் கேட்ட விலைக்கு வாங்கி மாலைக்குள் தள்ளிவிடுபவன் நான். ஒரு மாதம் பொறுத்து விற்பவன் அவன். இரண்டு முறை அவன் நன்றாகச் சம்பாதித்தான். ஒரு முறை நகையை அடகு வைத்தான்.

வெண்ணாற்றங்கரை:

கார்த்திகை முடிந்து எழுதுகிறேன். கரும்பலகையில் அட்டைக்கு இரண்டு விலை போட்டேன்: காய்ந்தது எட்டு, ஈரமானது ஆறரை. மூன்று சக்கர வண்டியில் கொண்டு வருகிற ஐந்து பேரில் இருவர் மறுநாளே வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் மழை விட்ட பொழுதுகளில் ஆற்றங்கரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அட்டையை விரித்துக் காயவைத்துக் கொண்டு வருகிறார். அவருக்கு மட்டும் நான் எட்டேகால் கொடுக்கிறேன்.

மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சென்ற வாரம் 1,850 கிலோ அனுப்பினேன். ஈரம் 13 காட்டியது, 3 சதவீதம்தான் கழித்தார்கள். ஆனால் வண்டி வாடகை அதே 3,200 என்பதால் கிலோவுக்கு 1 ரூபாய் 73 காசு விழுந்துவிட்டது. மீதி இடத்துக்கு அடியில் இரும்பை ஏற்றி அனுப்பலாம் என்கிறார் ஓட்டுநர். ஆனால் திருச்சிக் கிடங்கில் இரும்பு வாங்க மாட்டார்கள், வேறு இடத்தில் இறக்க வேண்டும். அந்த இரண்டாவது இறக்கத்துக்கு அவர் 600 ரூபாய் கேட்கிறார். போன இருவரும் இன்னும் திரும்பி வரவில்லை.