புதுப்பிப்பு: குரல் பின்னால் போன இயர்பட்ஸ்

முன்பு கேட்டது: "ஸ்பேஷியல் ஆடியோ போட்டால் பாடகர் குரல் நாலடி பின்னால் போகிறது. பழுதா?"

பழுதில்லை. "பேஸை ஏற்றுங்கள்" என்றார் ஒருவர். ஏற்றினேன், டிரம்தான் வீங்கியது. "வெறும் எதிரொலிதான்" என்றவர் பாதி சரி. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவர் மீதியைச் சொன்னார்: ஸ்டீரியோ பாட்டில் குரல் இரு காதுக்கும் ஒரே மாதிரி வருவதால் தலைக்கு நடுவே கேட்கிறது. ஸ்பேஷியல் மோடு எதிரே இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாக நடிக்கிறது. அதற்காக இடது ஒலியைத் துளி தாமதித்து வலது காதுக்கும், வலதை இடதுக்கும் அனுப்புகிறது. நகலும் மூலமும் மோதி, சில அலைவரிசைகள் இளைக்கின்றன.

சோதித்தேன். மோடு போட்டால் சத்தமும் மாறும் என்பதால் வால்யூமை முதலில் சமமாக்கினேன். ஸ்டீரியோ பதிப்பில் மோடு போட்டதும் 'ச', 'ஷ' மழுங்கின. சுற்றொலிக்கென்றே கலந்த, அதே பாட்டின் அட்மாஸ் பதிப்பில் குரல் நகரவில்லை, கோரஸ் மட்டும் சுற்றிலும் விரிந்தது. அதற்கு மோடு இருக்கட்டும்.

"பஸ் திரும்பினால் குரல் ஒரு காதுக்கு ஓடுகிறது" என்றவருக்கு: அது தலை திரும்புவதைப் பார்த்து ஒலியை நகர்த்தும் ஹெட் டிராக்கிங், அணைத்துவிடுங்கள்.

ஒரு பழைய ஸ்டீரியோ கச்சேரிப் பதிவு மட்டும் மோடில்தான் நன்றாக இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.