நிஃப்டி ஃபியூச்சர்ஸ்: ரோல்ஓவர் வாரத்தில் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை எப்படிப் படிப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். விலையும் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டும் சேர்ந்து ஏறினால் புதிய லாங் பொசிஷன்கள் சேர்கின்றன என்பதே வழக்கமான விளக்கம். ஆனால் ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் வாங்கியவருக்கு எதிரே விற்றவர் ஒருவர் இருப்பதால், அதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள முடியும்.

எக்ஸ்பைரி வாரத்தில் குழப்பம் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, விலை ஏறும்போது நடப்பு மாத ஓப்பன் இன்ட்ரஸ்ட் 1,00,000 கான்ட்ராக்டிலிருந்து 40,000 ஆகக் குறைந்து, அடுத்த மாதத்தில் 30,000 என்பது 95,000 ஆக உயர்ந்தால், அடுத்த மாதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிய லாங் பில்டப்பாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் நிகர உயர்வு 5,000தான், மற்றவை பெரும்பாலும் ரோல்ஓவராகவே இருக்கக்கூடும்.

அந்த 5,000கூட, பங்குகளை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்கும் ஆர்பிட்ரேஜாக இருக்கலாம் அல்லவா? ஸ்பாட்டுக்கு மேலான பிரீமியம் விரிவதைக் கொண்டு வாங்குபவர்களின் அவசரத்தை உறுதிப்படுத்தலாமா, அல்லது வேறு எந்தத் தரவைச் சேர்த்துப் பார்க்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.