வேலை மணியைத் திரும்பக் கணக்குப் போட்டதில் தேதி தள்ளிவிட்டது, வாடிக்கையாளருக்கு எப்படி எழுதுவது?

மலர், சுங்கை சிப்புட் (வெள்ளி, 3 அக்டோபர் 2025)
வணக்கம். செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு செக்ரோலை, அதாவது வருகை, கூலிப் பதிவேட்டை, செயலியாகச் செய்கிறோம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் வருகை, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் எண்ணும் குலைக் கணக்கு, மாதக் கடைசியில் சம்பளம், எல்லாம் அதில் வரும். அக்டோபர் 31 என்று வாக்குக் கொடுத்தோம். இன்னும் 420 மணி வேலை இருக்கிறது. மூன்று பேர், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 120 மணி, மூன்றரை வாரம் என்று போட்டிருந்தேன். நேற்று நேரப் பதிவைப் பார்த்தால் கடந்த நான்கு வாரமும் 75 மணி சுற்றித்தான் வந்திருக்கிறது. தோட்ட முதலாளி தமிழில் படிப்பவர், மின்னஞ்சலைத் தமிழில்தான் எழுதுவேன். "சில தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கினேன், எனக்கே பிடிக்கவில்லை.

கோப்பி_கடை
எப்போதும் 20 விழுக்காடு கூட்டிச் சொல்லுங்கள் அக்கா. நாங்கள் அப்படித்தான்.

சேகர்
சட்டப்படி வாரம் 45 மணி வேலை வாங்கலாமே, 2023-லிருந்து அதுதான் கணக்கு. மூவருக்கு 135. 75 என்றால் பசங்கள் ஏமாற்றுகிறார்கள். எங்கள் ஒர்க்ஷாப்பில் இப்படித்தான் ஒருவர்…

மலர்
ஏமாற்றவில்லை அண்ணா. ஒரு தம்பி பாதி நாள் பழைய வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கிறார். மற்ற இருவருக்கும் கூட்டம், தொலைபேசி போக நாளுக்கு 6 மணிதான் இந்த வேலைக்குக் கிடைக்கிறது. 30, 30, 15.

பழைய கிராணி
தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். முடிந்த பகுதிகளுக்கு எத்தனை மணி என்று மதிப்பிட்டீர்கள், எத்தனை ஆனது? அதுவும் தவறியிருந்தால் 420-ஐயே நம்ப முடியாது.

மலர்
190 என்று போட்டோம், 200 ஆனது.

பழைய கிராணி
அப்படியானால் மதிப்பீடு சரி, வாரத்துக்குக் கிடைக்கும் மணியில்தான் பிழை. 20 விழுக்காடு கூட்டினாலும் நவம்பர் 3 என்றுதான் வந்திருக்கும், அதுவும் பொய்யாகியிருக்கும். 6-ஆம் தேதி திங்களிலிருந்து ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் 150. மூன்றாம் வாரத்தில் 20 தீபாவளி, மறுநாளும் எல்லாரும் விடுப்பு என்றால் 45 மணிதான், ஆக 195. அக்டோபர் 31 மாலை 270. நவம்பர் 14 வெள்ளி 420.

ஆனால் முதலாளிக்கு 14 என்பது ஒரு எண்தான். அவர் பயம் சம்பளம். மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். நான் செக்ரோல் எழுதிய காலத்தில் மாத நடுவில் புத்தகம் மாற்றினால் இரண்டிலும் பாதிப்பாதி கிடக்கும், தலை சுற்றும். அதனால் பெரட்டுப் பதிவையும் குலை எண்ணிக்கையையும் மட்டும் பிரித்து 31-க்குள் கொடுக்க முடியுமா பாருங்கள். நவம்பர் 1 முதல் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். சம்பளக் கணக்கு மாதக் கடைசிக்குத்தானே வேண்டும்.

மலர்
பிரிக்கலாம்! அந்த இரண்டும் சேர்த்து 240 மணி. 270-க்குள் அடங்கும், மிச்சம் 30 மணியில் சம்பளக் கணக்கைத் தொடங்கிவிடலாம். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஐயா, வணக்கம். அக்டோபர் 31-க்குள் முழு வேலையும் முடியும் என்று சொல்லியிருந்தேன். முடியாது. மூவரும் நாள் முழுக்க உங்கள் வேலையிலேயே இருப்பார்கள் என்று நான் போட்ட கணக்கு தவறு. உண்மையில் வாரத்துக்கு 75 மணிதான் கிடைக்கிறது, தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பும் வருகிறது. பெரட்டுப் பதிவும் குலைக் கணக்கும் சொன்னபடி அக்டோபர் 31 அன்று கைக்கு வரும். சம்பளக் கணக்கு நவம்பர் 14 வரும். 17 முதல் 21 வரை அக்டோபர் செக்ரோலை வைத்து உங்கள் கிராணி சோதித்துப் பார்க்கலாம். நவம்பர் சம்பளம் தாமதமாகாது. குலைக்கூலி விகிதங்களை அக்டோபர் 24-க்குள் அனுப்பிவிடுங்கள். அது பிந்தினால் 14-ஆம் தேதியும் அத்தனை நாள் பிந்தும்."

பழைய கிராணி
நன்றாக இருக்கிறது. தவறு யாருடையது என்று நேராகச் சொல்லிவிட்டீர்கள், அதை மாற்றாதீர்கள். நவம்பர் முழுக்கப் பழைய புத்தகத்திலும் எழுதச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

கோப்பி_கடை
கிராணிக்கு இரட்டை வேலை ஐயா. இரண்டாம் நாளே ஒன்றை விட்டுவிடுவார். ஒரு தண்டலின் ஆட்களுக்கு மட்டும் இரண்டிலும் எழுதினால் போதாதா?

பழைய கிராணி
பிழை அடுத்த தண்டலின் ஆட்களிடம் இருந்தால்?

மலர்
அதை முதலாளியிடமே கேட்டு அவர் கிராணியோடு முடிவு செய்யச் சொல்கிறேன். மின்னஞ்சல் இன்று மாலையே போகிறது, திங்கள் வரை வைத்திருக்க மனமில்லை.