புதுப்பிப்பு: பெண்ணின் இந்தி வீட்டுப்பாடம், ‘நே’ வாக்கியங்கள்

நான் கேட்டிருந்தது: “‘லட்கா ரோட்டீ காதா ஹை’ இறந்தகாலத்தில் ‘லட்கே நே ரோட்டீ காயீ’ ஆகிறது. தின்றது பையன்தானே, வினை ஏன் பெண்பால்?”

ஈரோட்டுத் தம்பி ஒருவர், “எழுவாயோடு ‘நே’ உருபு வந்தால் வினை செயப்படுபொருளோடு போகும், அவ்வளவுதானுங்க” என்றார். ரோட்டீ பெண்பால், அதனால் காயீ. பெண்ணே மாம்பழம் தின்றாலும் ‘லட்கீ நே ஆம் காயா’, ஏனென்றால் ஆம் ஆண்பால். இதுவரை சரி.

ஆனால் ‘மா பேட்டீ கோ புலாதீ ஹை’, அதாவது அம்மா மகளைக் கூப்பிடுகிறாள், என்ற வாக்கியத்தை மகள் அதே விதியில் ‘புலாயீ’ என்று மாற்ற, தப்பென்று அடித்துவிட்டார்கள். கோபிச்செட்டிபாளையத்து இந்தி டீச்சரக்கா விளக்கினார்: செயப்படுபொருளில் நம் ‘ஐ’ போன்ற ‘கோ’ ஒட்டிவிட்டால் வினை அதைப் பார்க்காது, ஆண்பால் ஒருமையிலேயே நின்றுவிடும். ஆகவே ‘மா நே பேட்டீ கோ புலாயா’. இப்போது மகள் முதலில் ‘கோ’ இருக்கிறதா என்றுதான் தேடுகிறாள். கொண்டுவருவதைக் குறிக்கும் ‘லானா’ போன்ற சில வினைகள் தனி, அவற்றுக்கு நே வராது: ‘லட்கீ ஆம் லாயீ’.

திருப்பூர் பனியன் கம்பெனி அண்ணன், தன்னிடம் வேலை செய்யும் பீகார் பையன்கள் ‘ஹம் ரோட்டீ காயே’ என்றே பேசுகிறார்கள் என்றார். அவர்கள் ஊர்ப் பேச்சில் நே விடுபடுவது உண்மைதான், பரீட்சையில் செல்லாது.

புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘சமஜ்னா’வுக்கு நே போடுவதா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு பேச்சு இருக்கிறது.