ஜப்பானிய கேமின் கடைத் திரை: மொழிபெயர்ப்பை நம்பி மகனுக்கு வாங்கித் தரலாமா?

செல்வி
என் மகனுக்கு 11 வயது. ஜப்பானிய மொழியில் வரும் ஒரு கேம் விளையாடுகிறான். அதில் மாதப் பாஸ் ஒன்று வேண்டுமாம். "ஒரே தடவை காசு, 3000 ஜெம் கிடைக்கும்" என்கிறான். கடைத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் "3000 ரத்தினங்கள்", "30 நாட்கள்", "தானியங்கு புதுப்பிப்பு" என்று வருகிறது. கீழே உள்ள பொடி எழுத்து ஒன்றும் புரியவில்லை. கேம் தானாக அப்டேட் ஆகும் என்பதைத்தான் சொல்கிறதா? வாங்கித் தரலாமா?

ரகு
எதற்கு இந்தப் பாடு? கேமின் செட்டிங்ஸில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், முடிந்தது.

செல்வி
பார்த்துவிட்டேன். ஜப்பானிய மொழி ஒன்றுதான் இருக்கிறது.

மாறன்
முழுத் திரையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். மின்னும் பின்னணி, ஓரக்கோடு போட்ட எழுத்து, பொத்தான்கள் எல்லாம் சேர்ந்து செயலியைக் குழப்பும். அதுவும் படத்தின் மேலேயே தமிழை ஒட்டிக் காட்டினால் மூல எழுத்து மறைந்துவிடும், வரிகளும் இடம் மாறும். பொடி எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, முதலில் எழுத்தை நகல் எடுங்கள். எண்களைப் படத்தோடு ஒப்பிட்டபின் மொழிபெயருங்கள். அந்த நகலை இங்கேயும் போடுங்கள், பார்க்கிறேன்.

செல்வி
இதுதான் வந்தது:

```
有償ジェム300個 即時
毎日ログインで無償ジェム90個×30日間
自動更新
```

மாறன்
சரி, இப்போது தெளிவாகிவிட்டது. வாங்கியதும் கைக்கு வருவது 300 ஜெம்தான். மீதி 2700, நாளுக்கு 90 வீதம் 30 நாள். அதுவும் அன்றன்று கேமைத் திறந்தால்தான். பெரும்பாலான கேம்களில் திறக்காத நாளின் 90 போனது போனதுதான். 3000 என்பது ஒரு நாளும் தவறாமல் வருபவனுக்கான கணக்கு.

முதல் வரியில் 有償 என்பது காசுக்கு வாங்கிய ஜெம், இரண்டாம் வரியில் 無償 என்பது இலவசமாக வருவது. தமிழில் இரண்டுமே வெறும் "ரத்தினங்கள்" ஆகிவிட்டன. ஜெம் கொடுத்துச் சீட்டு இழுப்பதுபோல் கதாபாத்திரங்களைப் பெறும் குலுக்கல்களில் சிலவற்றைக் காசு ஜெம்மால் மட்டுமே இழுக்க முடியும். அவன் குறி வைத்திருப்பது அப்படிப்பட்டது என்றால் 3000-இல் 300தான் உதவும்.

கடைசி வரி கேம் அப்டேட் அல்ல. மாதாமாதம் தானாகக் காசு பிடிக்கும் சந்தா.

ரகு
அப்படியா! சரி, மாதக் கடைசியில் கேமை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடுமே.

மாறன்
நிற்காது. கேமை நீக்கினாலும் காசு போய்க்கொண்டேதான் இருக்கும். ஆப் ஸ்டோரிலோ கூகுள் பிளேயிலோ கணக்கின் சந்தாப் பட்டியலுக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

இன்னொன்று. கேமின் கடைக்கு மேல் எழும்பி வரும் பணம் கட்டும் திரை கேமுடையது அல்ல, ஸ்டோருடையது. பெரும்பாலும் உங்கள் போனின் மொழியிலேயே வரும். சந்தா என்றால் அங்கே மாதக் கட்டணம் என்று தெரியும். ஆனால் அதைப் பார்க்கப் பொத்தானை அழுத்துமுன், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்க்கப்போய்த் தவறி வாங்கிவிடக்கூடும்.

நசீர்
என் பெண் போன வாரம் கேமுக்குள் ஒரு பெட்டி வாங்கிவிட்டாள், காசு திரும்ப வருமா?

மாறன்
நசீர் பாய், ஸ்டோரின் வாங்கல் வரலாற்றில் அந்த ரசீதைத் திறந்து பணம் திரும்பக் கேளுங்கள். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தள்ளிப்போடாதீர்கள்.

செல்வி
ரொம்ப நன்றி. இவன் குலுக்கலுக்குத்தான் ஜெம் கேட்கிறான். அதன் வாய்ப்பு விகிதப் பக்கத்தையும் எடுத்தேன். அரிதான பாத்திரம் 6% என்று வந்தது. பரவாயில்லையே?

மாறன்
மற்ற வரிகள்?

செல்வி
5.1, 94.3.

மாறன்
கூட்டிப் பாருங்கள், 105.4 வருகிறது. 100 வர வேண்டும். அது 0.6. புள்ளியைச் செயலி விழுங்கியிருக்கிறது. விகிதப் பக்கத்தில் முதலில் கூட்டிப் பார்ப்பதுதான் என் வழக்கம். அதுவும் அந்த 0.6 அரிதான பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தா, அவன் கேட்கும் ஒன்றுக்கா என்று பாருங்கள். விகிதத்தை வாங்குமுன் காட்ட வேண்டும் என்பது ஸ்டோர் விதி. ஆப்பிள் 2017 இறுதியிலேயே கொண்டுவந்தது. பக்கம் எங்காவது கட்டாயம் இருக்கும்.

செல்வி
"கூரை" என்று ஒரு வரி வருகிறது, படத்தை இங்கே போட்டிருக்கிறேன். அது என்ன?

மாறன்
天井. இத்தனை முறை இழுத்தும் வராவிட்டால் கட்டாயம் தருவார்கள் என்ற உச்சவரம்பு. குலுக்கல் மாறும்போது அந்த எண்ணிக்கை தொடருமா, பூஜ்யம் ஆகுமா என்பது கேமுக்குக் கேம் மாறும். அதற்கு அடுத்த வரி உங்கள் படத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே நகர்த்தி மறுபடி எடுத்துப் போடுங்கள்.

செல்வி
பையன் டியூஷன் விட்டு வந்ததும் எடுக்கிறேன். பாஸ் அதுவரை இல்லை என்று சொல்லியாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்.