பீட்டா 290, வெளியே வந்ததோ நாலரை மடங்கு: விடுதி அறையில் நடந்த ஒரு பேச்சு

அறைத்தோழி எழுதியது

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் யாருக்கு எப்போது புரிந்தது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை. விடுதி அறையில், ஒரு ராத்திரி, இன்னொருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தபோது.

என் அறைத்தோழி அன்று லேபிலிருந்து முகம் வாடி வந்தாள். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபையர் சோதனை. பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் சப்ளை, பேஸுக்கு 47 கிலோஓமும் 10 கிலோஓமும், கலெக்டரில் 4.7 கிலோஓம், எமிட்டரில் 1 கிலோஓம். மல்டிமீட்டரில் hFE, அதாவது டிரான்சிஸ்டரின் கரண்ட் கெயினான பீட்டா, பார்த்தால் 290 காட்டியிருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து உச்சிக்கு உச்சி 20 மில்லிவோல்ட் கொடுத்தாள். அதை 290-ஆல் பெருக்கி, கலெக்டரில் 5.8 வோல்ட் வரும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதியும் வைத்துவிட்டாள். ஸ்கோப்பில் வந்தது 92 மில்லிவோல்ட்.

"டிரான்சிஸ்டர் போயிருக்கும்னு மாத்தினேன்டி. மூணு மாத்தினேன். மூணும் டப்பா" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

நோட்டில் மூன்று வரிகள் இருந்தன. hFE 290 உள்ளதற்கு 92 மில்லிவோல்ட். 180 உள்ளதற்கு 92. 410 உள்ளதற்கும் 92. ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தாள்.

நான் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏய், இது மூணு தோல்வி இல்லடி. பீட்டா ரெண்டு மடங்குக்கு மேல மாறியிருக்கு, வெளியே வந்தது அசையவே இல்லை. அப்போ இந்த வோல்டேஜ் கெயினை பீட்டா தீர்மானிக்கலை."

"அப்புறம் எது தீர்மானிக்குது? டிரான்சிஸ்டர்தானே பெருக்குது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. சூத்திரம் தெரியும், ஏன் என்று தெரியாது. அதனால் 20 மில்லிவோல்ட் எங்கெங்கே போகிறது என்று கையோடு பிடித்துக்கொண்டு போகலாம் என்றேன்.

பேஸ் 20 மில்லிவோல்ட் ஏறினால் எமிட்டர் என்ன ஆகும்? பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருப்பது 0.65 வோல்ட் போல ஒரு நிலையான இறக்கம். பேஸ் ஏறினால் எமிட்டரும் கூடவே ஏறும், ஏறக்குறைய அதே 20 மில்லிவோல்ட். "ஆமா, ஸ்கோப் ப்ரோபை எமிட்டர்ல வச்சப்போ உள்ளே கொடுத்த அதே அலை தெரிஞ்சுது. தப்பா வச்சிட்டேன்னு எடுத்துட்டேன்" என்றாள். அவள் தப்பாக வைக்கவில்லை. சர்க்யூட் தன் பதிலை அங்கேதான் காட்டிக்கொண்டிருந்தது.

எமிட்டர் 20 மில்லிவோல்ட் ஏறினால், 1 கிலோஓம் வழியாக 20 மைக்ரோஆம்பியர் கூடுதலாக ஓடும். அது எங்கிருந்து வரும்? கிட்டத்தட்ட முழுவதும் கலெக்டரிலிருந்து. அப்படியானால் அதே 20 மைக்ரோஆம்பியர் கலெக்டரின் 4.7 கிலோஓம் வழியாகவும் ஓடியாக வேண்டும். அங்கே விழும் வோல்டேஜ் 94 மில்லிவோல்ட். அவள் அளந்தது 92. இரண்டு மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குக் காரணம், டிரான்சிஸ்டரின் உள்ளேயே இருக்கும் 18 ஓம் போன்ற ஒரு சின்னத் தடை. எமிட்டர் கரண்ட் 1.4 மில்லிஆம்பியர் என்றால் 25 மில்லிவோல்ட்டை அதனால் வகுத்தால் கிடைப்பது அதுதான். 4700-ஐ 1018-ஆல் வகுத்தால் 4.62. இருபதால் பெருக்கினால் 92.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். "ஒரே கரண்ட். சின்ன ரெசிஸ்டர்ல போனா சின்ன வோல்டேஜ், பெரிய ரெசிஸ்டர்ல போனா பெரிய வோல்டேஜ். அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். வோல்டேஜ் கெயின் என்பது அந்த இரண்டு ரெசிஸ்டர்களுக்கு நடுவே உள்ள விகிதம்.

"அப்போ 290 பொய்யா?" என்றாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொய் இல்லை. அந்த 20 மைக்ரோஆம்பியரை அசைக்க பேஸ் கேட்ட கரண்ட் எவ்வளவு என்று பார்த்தோம். 290-ஆல் வகுத்தால் 0.07 மைக்ரோஆம்பியர். கரண்ட் கெயின் அங்கே முழுசாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. 410 உள்ள டிரான்சிஸ்டரைப் போட்டால் பேஸ் இன்னும் குறைவாகக் கேட்கும், 180 என்றால் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம்தான். கேட்டதைக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஸ்கோப்பில் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

அதோடு நிற்கவில்லை அவள். "அப்போ இந்த மொத்த சர்க்யூட்டோட கரண்ட் கெயினாவது 290 தானே?" என்றாள். கணக்குப் போட்டதும் இரண்டு பேருமே அசந்துபோனோம். 47 கிலோஓமும் 10 கிலோஓமும் சிக்னலுக்கு இணையாக நிற்கின்றன, சேர்ந்து 8.25 கிலோஓம். அந்த 20 மில்லிவோல்ட் அவற்றின் வழியாகவே 2.4 மைக்ரோஆம்பியரை ஓட விடுகிறது. பேஸுக்குள் போவதோ 0.07. ஜெனரேட்டர் கொடுக்கும் கரண்டில் பெரும்பங்கு டிரான்சிஸ்டரைத் தொடவே இல்லை. உள்ளே ஏறக்குறைய 2.5, கலெக்டரில் 20. சர்க்யூட்டின் கரண்ட் கெயின் எட்டுதான். பீட்டா டிரான்சிஸ்டருக்குச் சொந்தமான எண், சர்க்யூட்டுக்கு அல்ல.

மறுநாள் லேபில் எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டாள். சிக்னலுக்கு இப்போது அந்த 1 கிலோஓம் இல்லை, 18 ஓம் மட்டுமே. அலை திரையை விட்டு வெளியே போனது. அளவை மாற்றிப் பார்த்தால் 5 வோல்ட்டுக்கு மேல், ஆனால் கோணல். மேல்பாதி தட்டையாக, கீழ்பாதி நீண்டு கூர்மையாக. பேஸ்-எமிட்டர் சந்திக்கு 20 மில்லிவோல்ட் பெரிய சிக்னல், ரெசிஸ்டர் இருந்தவரை அதுதான் நேராக்கிக்கொண்டிருந்தது. உள்ளே 5 மில்லிவோல்ட்டாகக் குறைத்ததும் அலை ஓரளவு நேரானது, வெளியே 1.15 வோல்ட். கெயின் 230. கணக்கு 260 சொன்னது. அந்த முப்பது எங்கே போனது என்று இன்னும் எங்களுக்குச் சண்டை.

இரண்டாமாண்டு மாணவன்

அக்கா, ரொம்ப நன்றி. அப்போ வோல்டேஜ் கெயினுக்கும் பீட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை, எந்த டிரான்சிஸ்டரை வேண்டுமானாலும் போடலாம், சரிதானே? எங்கள் சார் மட்டும் கெயின் சூத்திரத்தில் பீட்டாவை மேலே எழுதுகிறார். அது தப்பா?

பழைய ரேடியோக்காரர்

பாதி சரி, தம்பி. உங்கள் சார் எழுதுவது தப்பில்லை. அவர் மேலே பீட்டா எழுதினால் கீழே உள்தடை எழுதுவார், அந்த உள்தடைக்குள்ளும் ஒரு பீட்டா ஒளிந்திருக்கும். இரண்டும் அடிபட்டுப் போகும்.

ஆனால் "சம்பந்தமே இல்லை" என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பெண்கள் வைத்திருந்தது 50 ஓம் ஜெனரேட்டர். எமிட்டர் கெப்பாசிட்டரை அப்படியே இருக்க விட்டு, ஜெனரேட்டருக்கும் உள்ளீட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் தொடராகப் போட்டுப் பாருங்கள். பீட்டா 180 என்றால் பேஸின் உள்தடை 3.2 கிலோஓம்தான், 8.25 கிலோஓமோடு சேர்ந்து 2.3 ஆகிவிடும். சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். 410 என்றால் இரண்டும் சேர்ந்து 3.9 கிலோஓம், கால் பங்குக்கு மேல் போகும். டிரான்சிஸ்டரை மாற்றினால் இப்போது வெளியீடு ஒன்றரை மடங்கு மாறும். நான் பழுது பார்த்த காலத்தில் இதைத்தான் பார்த்தேன். அதிகத் தடை உள்ள மைக் பொருத்திய செட்டில் டிரான்சிஸ்டரை மாற்றியதும் சத்தம் குறைந்துவிடும், அதே டிரான்சிஸ்டர் அடுத்த கட்டத்தில் நன்றாகவே ஓடும். சிக்னல் கொடுப்பவன் வலுவாக இருந்தால் பீட்டா தெரியாது, பலவீனமாக இருந்தால் தெரியும்.

சாலிடர் வாசனை

எனக்கும் ஒரு கேள்வி. இதே சர்க்யூட்தான் நானும் கட்டினேன், எமிட்டர் கெப்பாசிட்டரோடு. கெயின் 200-க்கு மேல் வந்தது. கலெக்டரிலிருந்து கெப்பாசிட்டர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தேன். காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா? எந்த பிராண்டு வாங்கலாம்?

பழைய ரேடியோக்காரர்

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். இதையும் ரெசிஸ்டர் விகிதமாகவே பாருங்கள். கலெக்டரில் 4.7 கிலோஓம் இருந்த இடத்தில் இப்போது அதற்கு இணையாக 8 ஓம். இரண்டும் சேர்ந்து 8 ஓம்தான். எட்டை 18-ஆல் வகுத்தால் அரைக்கும் கீழே. இருநூறு மடங்கு பெருக்கிய சர்க்யூட் இப்போது உள்ளே வந்ததைவிடக் குறைவாகத் தருகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பில் பாருங்கள், அலை திரும்ப வந்துவிடும். நடுவே ஒரு எமிட்டர் ஃபாலோயர் வேண்டும்.

இரண்டாமாண்டு மாணவன்

ஃபாலோயரில் வோல்டேஜ் கெயின் ஒன்றுக்கும் கீழேதானே? அது எப்படி ஆம்ப்ளிஃபையர் ஆகும்?

அறைத்தோழி

அங்கேதான் பீட்டா நேரடியாகச் சம்பாதிக்கிறது. வோல்டேஜ் ஏறாது. ஆனால் பீட்டா 290 என்றால் 8 ஓம் பேஸ் பக்கத்திலிருந்து பார்க்க 2.3 கிலோஓம் போலத் தெரியும். முன்னால் உள்ள கலெக்டர் இப்போது 8 ஓமைச் சுமக்க வேண்டியதில்லை. என் தோழி இதை "ஒருத்தி உயரத்தைக் கொடுக்கிறா, இன்னொருத்தி தோள் கொடுக்கிறா" என்றாள்.

பழைய ரேடியோக்காரர்

தோள் கொடுக்கலாம், ஆனால் 1.4 மில்லிஆம்பியரில் நிற்கும் தோள் ஸ்பீக்கரைத் தாங்காது. எமிட்டரில் ஓடும் நிலைக் கரண்டைவிடப் பெரிய கரண்டை எதிர்ப்பாதியில் கொடுக்க முடியாது, அலை வெட்டுப்படும். 8 ஓமில் 1.4 மில்லிஆம்பியர் என்றால் 11 மில்லிவோல்ட். ஸ்பீக்கருக்கு இரண்டு டிரான்சிஸ்டர் புஷ்-புல்தான் வழக்கமான வழி.

அப்புறம் அந்தக் காணாமல் போன முப்பது. கலெக்டரின் உள்தடை 4.7 கிலோஓமுக்கு இணையாக வந்து கொஞ்சம் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அது 50 கிலோஓம் போல இருந்தால் கெயின் 240 அளவுக்கு இறங்கும்.

அறைத்தோழி

நானும் அதையே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கெப்பாசிட்டர்தான் காரணம் என்கிறாள். 1 கிலோஹெர்ட்ஸில் 100 மைக்ரோஃபாரட் 1.6 ஓம்தான், அதுவும் 18 ஓமோடு நேராகக் கூடாது, அதனால் முப்பதைத் தின்ன முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அது பழைய கெப்பாசிட்டர்டி, உள்ளே தடை இருக்கும், ஒரு ரெண்டு ஓம் போதும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த லேபில் புதுசு போட்டு அளக்கப் போகிறோம்.