வைஃபை க்யூஆர் ஒட்டினேன்: என் போனில் சரி, விருந்தினர் போனில் கனெக்ட் ஆகவில்லை, பாஸ்வேர்டும் தெரிந்துவிட்டது

தோட்டப்பாளையம் மாடி

எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். வேலூருக்கு சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். பாதிப் பேர் வங்காளம், அசாம் பக்கம். பை இறக்கும் முன்பே வைஃபை கேட்பார்கள். பாஸ்வேர்டு நடுவில் ஒரு செமிகோலன் இருக்கிறது. அதை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதோடு போனவர்களுக்கும் பாஸ்வேர்டு தெரிந்தே இருக்கிறதே என்ற கவலை வேறு.

அதனால் நெட்டில் ஒரு க்யூஆர் தயாரித்து, லேமினேட் செய்து மாடிப்படி சுவரில் ஒட்டினேன். நான் எழுதிக் கொடுத்தது இது (பேரும் பாஸ்வேர்டும் மாற்றியிருக்கிறேன், செமிகோலன் இருக்கிற இடம் அதேதான்):

```
WIFI:T:WPA;S:Maadi;P:Thotta;palayam9;;
```

என் போனில் ஸ்கேன் செய்தால் வேலை செய்கிறது. வந்தவர்கள் மூன்று பேர் போனிலும் ஆகவில்லை. நான்காவதாக ஒரு பையன் வேறு ஏதோ ஆப்பில் ஸ்கேன் செய்தான். மேலே இருக்கிற வரி அப்படியே எழுத்தாக வந்தது. அதைப் பார்த்துக் கையால் அடித்து கனெக்ட் செய்துகொண்டான்! பாஸ்வேர்டைக் காட்டாமல் கொடுக்கத்தானே இத்தனை பாடு?

ஆற்காடு பேடா கடை

அக்கா, ஜாக்கிரதை. எங்கள் கடையில் பணம் வாங்குகிற க்யூஆர் மேல் எவனோ தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். அரை நாள் வசூல் போச்சு. லேமினேஷன் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள்.

தோட்டப்பாளையம் மாடி

தம்பி, இது பணம் வாங்குகிற க்யூஆர் இல்லை, வைஃபை. ஆனாலும் கிளப்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

சத்துவாச்சாரி சதீஷ்

பாஸ்வேர்டில் செமிகோலன் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு \ போட வேண்டும், அதுதான் கோளாறு. பாஸ்வேர்டு வெளியே போகாமல் இருக்க வைஃபை பேரை மறைத்துவிடுங்கள், பதிந்து வைத்த போன்களை மட்டும் உள்ளே விடுகிற மேக் ஃபில்டர் போடுங்கள். யாரும் நுழைய முடியாது.

காட்பாடி ஒயர்மேன்

சதீஷ் முதலில் சொன்னது சரி. அந்த வரியில் செமிகோலன் வந்தால், அந்தப் பகுதி முடிந்தது என்று போன் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்கிற போனுக்குக் கிடைக்கிற பாஸ்வேர்டு Thotta மட்டும்தான். ஆறு எழுத்து. இந்த வகை வைஃபைக்கு எட்டு எழுத்துக்குக் குறைந்து பாஸ்வேர்டே கிடையாது, எப்படி கனெக்ட் ஆகும்? சரியான வரி:

```
WIFI:T:WPA;S:Maadi;P:Thotta\;palayam9;;
```

கமா, கோலன், இரட்டை மேற்கோள் குறி, \ இதற்கெல்லாமும் இதே கதைதான். எதற்கு வம்பு, பன்னிரண்டு எழுத்துக்கு மேல் வெறும் எழுத்தும் எண்ணுமாக வைத்துவிடுங்கள்.

உங்கள் போனில் வேலை செய்தது என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. உங்கள் போன் ஏற்கெனவே அந்த வைஃபையில் இருந்திருக்கும். செட்டிங்ஸில் போய் அந்தப் பேரை Forget கொடுத்துவிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். க்யூஆரில் பூட்டு எதுவும் இல்லை. பாஸ்வேர்டைக் கட்டங்களாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். வைஃபைக்கான ஆப் இல்லாமல் சாதாரண ஸ்கேனரில் படித்தால் எழுத்தாகத்தான் வரும். எழுத்தாக வராவிட்டாலும் பயனில்லை. ஒருமுறை கனெக்ட் ஆன ஆண்ட்ராய்டு போனில் Share தொட்டால் க்யூஆர் வரும், பல போன்களில் அதன் கீழே பாஸ்வேர்டும் எழுத்திலேயே இருக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 வந்ததிலிருந்து சேமித்த பாஸ்வேர்டைத் திறந்தே பார்க்கலாம். தட்டச்சு செய்கிற வேலையைத்தான் க்யூஆர் மிச்சப்படுத்தும், ரகசியத்தைக் காக்காது.

பேரை மறைத்தாலும் அதே க்யூஆரில் பேர் இருக்கத்தான் வேண்டும், கூடவே H:true என்றும் சேர்க்க வேண்டும். மேக் ஃபில்டர் இப்போது தொல்லை. புதுப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி காட்டுகின்றன. வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் உட்கார்ந்து எண் ஏற்றிக்கொண்டிருப்பீர்களா?

சத்துவாச்சாரி சதீஷ்

என் வீட்டில் ஃபில்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

காட்பாடி ஒயர்மேன்

உங்கள் வீட்டில் நான்கு போன், வருஷம் முழுக்க அதே நான்கு. அக்கா வீட்டில் வாரம் ஒரு குடும்பம்.

தோட்டப்பாளையம் மாடி

Forget கொடுத்துவிட்டு ஸ்கேன் செய்தேன். ஆகவில்லை! இத்தனை நாள் ஏற்கெனவே கனெக்ட் ஆகியிருந்த போனை வைத்துக்கொண்டு "எனக்கு வருதே" என்று எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். \ போட்டு புதிதாக எடுத்ததும் வந்துவிட்டது.

அப்படியென்றால் பாஸ்வேர்டு தெரியாமல் கொடுக்க வழியே இல்லையா?

காட்பாடி ஒயர்மேன்

தெரிந்தாலும் பாதகமில்லாத பாஸ்வேர்டைக் கொடுப்பதுதான் வழி. நெட் பெட்டியின் உள்பக்கத்தில் கெஸ்ட் என்றோ SSID2 என்றோ இரண்டாவது பேர் இருக்கும். அதைத் திறந்து தனிப் பாஸ்வேர்டு போடுங்கள், அதற்கு மட்டும் க்யூஆர் ஒட்டுங்கள். அறை காலியானதும் அதை மாற்றி, புதுத் தாளை ஒட்டுங்கள். லேமினேஷன் வேண்டாம், ட்யூப்லைட் அதில் மின்னி கேமரா தடுமாறும். உங்கள் வீட்டு வைஃபையைத் தொடவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. பேர் வேறு என்பதாலேயே தனி ஆகிவிடாது. விருந்தினர் வைஃபையில் போனை வைத்து பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள் (உங்கள் பெட்டிக்குப் பின்பக்கம் வேறு எண் இருந்தால் அது). லாகின் பக்கம் திறந்தால் பிரிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கேமரா பெட்டி இருந்தால் அதன் எண்ணையும் அடித்துப் பாருங்கள்.

தோட்டப்பாளையம் மாடி

SSID2 திறந்தேன், வங்காளத்து அம்மா ஒருவர் ஒரே ஸ்கேனில் உள்ளே போய்விட்டார். ஆனால் இரண்டு பக்கமும் திறக்கிறது. லாகின் பக்கமும், கேமரா பெட்டியும். வாசல் கேமரா மாடியில் இருப்பவர் கைக்குப் போகுமா?

சத்துவாச்சாரி சதீஷ்

விருந்தினருக்கென்று ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி நெட் பெட்டியில் சொருகுங்கள். தீர்ந்தது.

காட்பாடி ஒயர்மேன்

இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். உள்ளே சொருகிய ரவுட்டரில் இருப்பவர், அதற்கு மேலே இருக்கிற பெட்டியின் பொருள்களை எட்டிவிடுவார். மேலே இருப்பவரால் ரவுட்டருக்குள் அப்படி நுழைய முடியாது. அதனால் விருந்தினர் பெட்டியிலேயே இருக்கட்டும். புது ரவுட்டரின் WAN துளையைப் பெட்டியோடு இணைத்து, உங்கள் வீட்டுப் போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் அந்த ரவுட்டருக்குப் பின்னால் கொண்டு போங்கள். பெட்டியில் எண் 192.168.1 என்றால் ரவுட்டரில் 192.168.5 மாதிரி வேறு வரிசை இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றானால் சண்டை வரும்.

அதுவரைக்கும் கேமரா பெட்டிக்கு வந்தபோதிருந்த பாஸ்வேர்டு இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். லாகின் பக்கத்துக்கும் அப்படியே.

தோட்டப்பாளையம் மாடி

இரண்டும் மாற்றிவிட்டேன். கேமரா ஒயர் சுவருக்குள் போய் நேராக நெட் பெட்டியில் முடிகிறது. ரவுட்டர் வைக்க அங்கே பிளக் இல்லை, எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். ரவுட்டர் மாறினால் கேமராவைப் போனில் பார்க்கிற ஆப் நின்றுவிடுமா?

காட்பாடி ஒயர்மேன்

கேமரா பெட்டியில் எண்ணைக் கையால் போட்டிருந்தால் நிற்கும், தானாக வாங்குவதாக இருந்தால் பெரும்பாலும் நிற்காது. மெனுவில் DHCP என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போட்டோ போடுங்கள்.